முதல் வரியில் ஒரு இரண்டு

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி, கடல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கன்டெய்னர் யார்டு இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் பெட்டிகள் டிரெய்லரில் ஏறி இங்கே வந்து அடுக்கடுக்காக நிற்கும். கஸ்டம்ஸ் சரி சொன்னதும் உரியவர் வந்து எடுத்துப் போவார். யார்டின் முதலாளி வெள்ளத்துரை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஊரில் கருப்பட்டி மண்டி வைத்திருந்த குடும்பம். சென்னைக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் பேச்சில் ஊர் போகவில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

மாடியில் ஆபீஸ். அங்கே இரண்டு கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் செங்கொடி. வியாசர்பாடிப் பெண், இருபத்தேழு வயது. சேர்ந்து இரண்டு வருடம் முடிந்தும் இன்னும் தற்காலிகம்தான். நிரந்தர ஆர்டர் தட்டச்சாகி அண்ணாச்சியின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது என்பது யார்டில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்து மட்டும் பாக்கி. அந்தக் கையெழுத்து எதற்காகக் காத்திருக்கிறது என்பதும் தெரியும். செங்கொடி எழுதிய ஒரு சின்ன புரோகிராமுக்காக.

சங்கதி இதுதான். எந்தப் பெட்டி உள்ளே வந்தது, எது வெளியே போனது என்பது கேட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் கேட் கம்ப்யூட்டரில், பெட்டி எண்ணும் அனுப்பிய வரிசையுமாக ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். மாடி ஆபீசில் இன்னொரு பட்டியல். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது, எதைக் கஸ்டம்ஸ் பிடித்து வைத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். டிரெய்லர் டிரைவர் வந்து கேட்டால் மாடிப் பட்டியலைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். கேட்டிலிருந்து துண்டுச்சீட்டு மாடிக்கு வந்து ஏறுவதற்குள் அரை நாள் ஓடிவிடும். பெட்டி போயே போயிருக்கும், மாடிப் பட்டியல் இருக்கிறது என்று சொல்லும். பெட்டி எதிரே நிற்கும், பட்டியல் வரவில்லை என்று சாதிக்கும். டிரைவர்கள் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு ஏசுகிற ஏச்சு மாடி வரைக்கும் கேட்கும்.

செங்கொடியின் புரோகிராம் அரை மணிக்கு ஒருதரம் கேட் பட்டியலை எடுக்கும். மாடிப் பட்டியலோடு ஒப்பிடும். கேட்டில் புதிதாக இருப்பதை மாடியில் சேர்க்கும், வரிசை மாறியிருந்தால் மாற்றும், கேட்டில் இல்லாததை மாடியிலிருந்து நீக்கும். அந்தக் கடைசி வேலையில்தான் அவளுக்குப் பயம். சேர்த்ததை எடுத்துவிடலாம். நீக்கியதை எங்கே போய்த் தேடுவது?

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. இதற்கு முன்னால் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் இருந்தாள். இதே மாதிரி இரண்டு பட்டியலை ஒன்றாக்குகிற வேலை. சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்ற தெம்பில் நேரடியாக ஓடவிட்டாள். பதினோரு வருடத்து வாடிக்கையாளர் விலாசம் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போனது. மறுநாள் அவளும் அந்தக் கடையில் இல்லை.

அதனால் இந்த முறை இரண்டு காரியம் செய்துவைத்திருந்தாள். ஒன்று, புரோகிராமைக் கூப்பிடும்போது பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் அது எல்லாவற்றையும் ஒப்பிட்டு, 'இதைச் சேர்ப்பேன், இதை மாற்றுவேன், இதை நீக்குவேன்' என்று அச்சடித்துக் காட்டும். ஒரு எழுத்தைக்கூடத் தொடாது. ஆங்கிலத்தில் அதற்கு டிரை ரன் என்று பெயர். திருவிழாவுக்கு முன்னால் தேரைச் சும்மா இழுத்துப் பார்க்கிற ஊர் இது, ஆகவே யார்டில் அதை வெள்ளோட்டம் என்றார்கள். இன்னொன்று, ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து அதில் மாடிப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தாள். அசல் மாதிரியே இருக்கும், கெட்டுப்போனால் கவலையில்லை. முதலில் வெள்ளோட்டம், அப்புறம் நகலில் நிஜ ஓட்டம், கடைசியில்தான் அசல். போன வாரம் கேட்டின் பழைய பட்டியல் ஒன்றை வைத்து எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டது.

2003-ஆம் வருடம், அக்டோபர். சனிக்கிழமை ஆயுத பூஜை, ஞாயிற்றுக்கிழமை விஜயதசமி. திங்கள் காலை அண்ணாச்சி வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்: செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கப்பல் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், அதற்குள் மாடிப் பட்டியலும் கேட் பட்டியலும் ஒன்றாக நிற்க வேண்டும், முடியவில்லை என்றால் கிண்டியில் ஒரு கம்பெனியிடம் பேசி வைத்திருக்கிறார், அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் செங்கொடிக்கு அங்கே என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

செங்கொடி பதறவில்லை. கையில் எல்லாம் தயாராக இருந்தது. அசலில் ஓட்டும் வரை துண்டுச்சீட்டு எதையும் ஏற்ற வேண்டாம் என்று மாடியில் சொல்லிவைத்தாள். நகல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அன்றைக்குக் காலை கேட் பட்டியலை எடுத்து, வெள்ளோட்டச் சொல்லையும் சேர்த்துத் தட்டினாள்.

திரையில் வந்தது இதுதான். சேர்க்க வேண்டியது: 1. நீக்க வேண்டியது: 1135.

மாடிப் பட்டியலில் இருந்ததே 1136 பெட்டிகள்.

கொஞ்ச நேரம் அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இதையே நேரே அசலில் விட்டிருந்தால் ஒரே ஒரு பெட்டியை விட்டுவிட்டு மொத்த யார்டையும் துடைத்து வைத்திருக்கும். ஆனால் திரையில் இருந்தது வெறும் பேச்சுத்தான், எதுவும் நடக்கவில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தானே இவ்வளவு பாடு என்று நினைத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. சேர்க்கச் சொல்கிற அந்த ஒன்று என்ன பெட்டி என்று பார்த்தாள். பெட்டி எண் இருக்க வேண்டிய இடத்தில் '1142' என்று இருந்தது. உலகத்தில் எந்தக் கன்டெய்னருக்கும் முன்னால் நாலு ஆங்கில எழுத்து இல்லாமல் எண் கிடையாது.

படியிறங்கிக் கேட்டுக்குப் போனாள். காலை ஷிப்டில் மனோகரன். காசிமேட்டுக்காரர், கேட்டில் பதினாறு வருடம். அவருடைய கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு இன்னும் உதிராமல் இருந்தது. மவுசுக்கும் ஒரு பொட்டு. பட்டியலைத் திறந்து காட்டச் சொன்னாள். முதல் வரியில் மொத்த எண்ணிக்கை இருக்க வேண்டும், அதன் கீழே பெட்டிகள். அப்படித்தான் அவள் வகுத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் இப்போது 1142 இரண்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. முதல் வரியில் தனியாக ஒரு '2'.

"அண்ணே, இது இன்னா ரெண்டு?"

மனோகரன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டா? புள்ளையார் சுழிம்மா அது. மிஷின்ல நம்ம எழுத்து இல்ல. ரெண்டு போட்டா அதே வளைவு வருது, கீழ ஒரு கோடும் கீது. சாமிக்குத் தெரியாதா?"

விஷயம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ஆபீசிலிருந்து கேட்டுக்குப் புது நோட்டு வரும். மஞ்சள் தடவி, சுழி போட்டு, விஜயதசமி அன்று முதல் பெட்டியை எழுதுவார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் கேட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததோடு நோட்டு நின்றுவிட்டது. நோட்டு இல்லை என்பதற்காகப் பழக்கம் நிற்குமா? புதுப் பட்டியல் ஒன்றைத் திறந்து, இருந்த பெட்டிகளையெல்லாம் அதில் கொண்டுவந்து போட்டு, தலையில் சுழியும் போட்டுவிட்டார் மனுஷன். புரோகிராம் முதல் வரியைப் படித்தது. மொத்தம் இரண்டே பெட்டி என்று நம்பியது. அடுத்த இரண்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் ஒன்று '1142', இன்னொன்று நிஜப் பெட்டி. மற்றதெல்லாம் யார்டை விட்டுப் போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டது.

அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று செங்கொடி கேட்டாள். மனோகரன் இரண்டு தரம் மவுசை எடுத்தார், வைத்தார். கடைசியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்த வரியை அழித்தார். அழித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டதைச் செங்கொடி பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மாடிக்கு வந்து மறுபடி வெள்ளோட்டம். சேர்க்க 13, நீக்க 7. 1136-உடன் பதின்மூன்றைக் கூட்டி ஏழைக் கழித்தால் 1142. கேட்டும் மாடியும் கச்சிதமாகப் பொருந்தியது.

பின்னால் அண்ணாச்சி நின்றிருந்தார். "சரியாப் போச்சுல்லா? அப்ப அசல்லயே ஓடவிட்டுர வேண்டியதுதானே. இன்னும் என்னத்துக்கு நகலு, கிகலு?"

ஒரு ஷிப்டு மாறட்டும், இன்னொருத்தர் கை பட்ட பட்டியலும் வரட்டும், அப்புறம் நகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அசலுக்குப் போகிறேன் என்றாள். அண்ணாச்சி முகம் கடுகடுத்தது. கிண்டிக்காரர்கள் இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னதை இன்னொரு தரம் சொன்னார். செங்கொடி தலையை ஆட்டினாள், இடத்தை விட்டு நகரவில்லை. அவர் முனகிக்கொண்டே சாப்பிடப் போனார்.

இரண்டு மணிக்குக் காத்தூன் பீவி வந்தாள். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒரு பெட்டி எண்ணை ஒருதரம் பார்த்தால் ஒரு மாதம் மறக்காத ஞாபகம். மனோகரனுடைய பட்டியலிலிருந்து பெட்டிகளைத் தன் பட்டியலுக்கு எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். இரண்டரைக்கு அந்தப் பட்டியலை வைத்துச் செங்கொடி வெள்ளோட்டம் விட்டாள்.

சேர்க்க 12. நீக்க 362.

அதற்குள் திரும்பி வந்திருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. பூஜை விடுமுறைக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள், வெள்ளிக்கிழமை ரோடு முழுக்க டிரெய்லர் நின்றது, முந்நூற்றுச் சொச்சம் போயிருக்கும் என்றார். அதுதான் ஆபத்து, பாருங்கள். காலையில் வந்த கணக்கு பச்சைப் பிள்ளைக்கும் பொய்யென்று தெரியும். இது உண்மை மாதிரி இருந்தது. நம்ப ஆசையாகவும் இருந்தது.

"அண்ணாச்சி, காலைல ஏழு. மதியத்துக்குள்ள முந்நூத்தி அறுபத்திரண்டா? அர மணி குடுங்க. போய்க் கையால தொட்டுப் பார்த்துட்டு வந்துர்றேன்."

நீக்கச் சொன்ன பட்டியலை அச்செடுத்து மடித்துக்கொண்டு யார்டுக்குள் நடந்தாள். ஃபோர்மேன் கிருஷ்ணப்பன் கிரேன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிக் கண்ணுக்கு எட்ட வைத்துப் பார்த்தார். முதல் எண்ணைப் படித்தார், அடுத்ததைப் படித்தார். டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். பின் வரிசைகள், கடலோரம். மதிய வெயிலில் பெட்டிகளின் தகரம் கொதித்தது; மணலிப் பக்கத்து உர வாடை காற்றோடு வந்து போனது. ஒரு நீலப் பெட்டியின் முன்னால் நின்று அதன் மேல் பளாரென்று ஒரு தட்டுத் தட்டினார்.

"போய்ட்ச்சின்னு போட்டுக்கீறியே தங்கச்சி, இது இன்னா பேயா? ஸ்ட்ராங்கா நின்னுகினு கீது பாரு."

அடுத்ததும் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. கடைசி வரிசையில் குளிர்ப் பெட்டிகள் ஓவென்று உறுமிக்கொண்டிருந்தன. அவற்றிலும் பதினான்கு அந்த நீக்கல் பட்டியலில் இருந்தன. எலக்ட்ரீஷியன் மாடிப் பட்டியலைப் பார்த்துத்தான் குளிர் அளவைக் குறித்துவருவார். பட்டியலில் இல்லாத பெட்டியை யார் எட்டிப் பார்ப்பார்கள்? குளிர் நின்றுபோனால் உள்ளே இருக்கிற இறால் இரண்டு நாளில் தன் கதையைத் தானே சொல்லும்.

மாடிக்கு வந்து திரையை நிதானமாகப் பார்த்தாள். அச்சின் கடைசியில் ஒரு வரி இருந்தது. காலையிலிருந்து அதை யாரும் கவனிக்கவில்லை. 'இந்த மாற்றங்களைச் செய்தால் பட்டியலில் இருக்கும் மொத்தம்: 786.'

வியாசர்பாடியில் பாதி ஆட்டோவின் முகப்பில் பார்த்து வளர்ந்த எண். செங்கொடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அடுத்த மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கேட்டுக்குப் போய்ப் பார்த்தால் அப்படியேதான். காத்தூன் பீவியின் பட்டியலில் முதல் வரி 786. அவளும் எந்த நோட்டைத் திறந்தாலும் அல்லாவின் பெயரை நினைத்து அந்த எண்ணைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த எழுத்து எழுதுவாள். புதுப் பட்டியல் திறந்த அன்று அதிலும் போட்டுவிட்டாள். புரோகிராம் 786 வரி எடுத்துக்கொண்டு மீதியைத் தொலைத்தது. சந்தேகம் கேட்க வந்தவளிடம் பீவி கவலையோடு, "ஏம்மா, தப்பா? எடுத்துடட்டா?" என்று கேட்டாள். விரல் ஏற்கெனவே அந்த வரிக்குப் போய்விட்டது.

செங்கொடிக்குக் காலையில் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்ட மனோகரன் ஞாபகம் வந்தது.

"வேணாம்க்கா. அது அங்கயே இருக்கட்டும். தப்பு உன்னிது இல்ல, என்னிது. நான்தான் மொத வரில இன்னா இருந்தாலும் நம்பிகினு கீறேன்."

சொல்லும்போதே அவளுக்கு அது சமாதானப் பேச்சு இல்லை, நிஜம் என்று தெளிவாகத் தெரிந்தது. இன்றைக்கு இரண்டு பேரிடம் சொல்லி எடுக்க வைக்கலாம். நாளைக்கு இவர்களில் ஒருவர் லீவு போட்டால் கேட்டுக்கு மாற்று ஆளாக ஹென்றி வருவான், தலையில் சிலுவை போடுவான். ஒவ்வொருவரையும் பிடித்து அவரவர் சாமியை அழிக்கச் சொல்லி ஒரு புரோகிராம் பிழைக்குமா?

மாடிக்கு வந்து மூன்று மாற்றம் செய்தாள். முதல் வரி எதுவாக இருந்தாலும் புரோகிராம் அதைத் தொடாமல் தாண்டிப் போகும். 'TOTAL' என்ற சொல்லோடு இருக்கிற வரியைத் தேடி அதைத்தான் எண்ணிக்கை என்று எடுக்கும். அந்த வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சேர்க்கும்படி பீவியிடம் கேட்டாள். உடனே சேர்த்துக் கொடுத்தாள். அடுத்து, கீழே இருக்கும் பெட்டிகளைத் தானே எண்ணிப் பார்க்கும்; எண்ணிக்கையோடு ஒத்துவரவில்லை என்றால் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். மூன்றாவது, ஒரே தடவையில் ஐம்பதுக்கு மேல் நீக்க வேண்டி வந்தால் நீக்காமல் ஆளைக் கூப்பிடும்.

வெள்ளோட்டம்: சேர்க்க 14, நீக்க 11, வரிசை மாற்ற 4. மொத்தம் 1139. கேட்டிலும் 1139. இப்போது வெள்ளோட்டச் சொல்லை எடுத்துவிட்டு நகலில் நிஜமாகவே ஓட்டினாள். ஓடியது. 1139 நின்றது.

அதோடு எழுந்து போயிருக்கலாம், மணி நாலரை. ஆனால் நகல் என்று ஒன்று வைத்திருப்பதே நடந்து முடிந்ததைப் பிரித்துப் பார்க்கத்தானே. வரிசை மாறிய நாலு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். மூன்றாவதில் கை நின்றது. அது கஸ்டம்ஸ் பிடித்து வைத்த பெட்டி. 'பிடிப்பு' என்ற இடம் காலியாக இருந்தது. அசலில் பார்த்தாள், அங்கே குறி பத்திரமாக இருந்தது. காரணம் உடனே புரிந்தது. வரிசை மாறினால் பழைய வரியை எடுத்துவிட்டுக் கேட்டிலிருந்து வந்த வரியைப் புதிதாக எழுதும்படி செய்திருந்தாள். கேட்டுக்குக் கஸ்டம்ஸ் சங்கதியே தெரியாது. புது வரியில் குறி எப்படி வரும்? வெள்ளோட்டம் 'மாற்ற 4' என்று சொன்னது பொய்யில்லை. மாற்றினால் என்ன உதிரும் என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதை ஓட்டிப் பார்த்த நகல்தான் சொன்னது. அந்தப் பெட்டி குறி இல்லாமல் வெளியே போயிருந்தால் யார்டின் லைசென்சே கேள்விக்குறியாகியிருக்கும்.

வரிசை என்ற ஒரு கட்டத்தை மட்டும் மாற்றும்படி திருத்தினாள். நகல் இப்போது கலைந்துபோய்விட்டதால் அதை வீசிவிட்டு அசலிலிருந்து புது நகல் எடுத்தாள். வெள்ளோட்டத்திலிருந்து மறுபடி எல்லாம். இந்த முறை நாலு பெட்டியும் வரிசை மாறின, குறி அசையவில்லை. ஆறு மணி பஸ்ஸுக்கு அவள் கிளம்பும்போது அண்ணாச்சி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்ததோடு சரி.

செவ்வாய் காலை ஏழரைக்கே வந்துவிட்டாள். மாடி ஏறவில்லை, நேரே கேட்டுக்குப் போனாள். மனோகரன் பட்டியலில் சுழி இல்லை. அவர் கண்ணுக்குக் கீழே தூக்கம் பிடிக்காத கருப்பு. ஞாயிற்றுக்கிழமை போட்டதைத் திங்கட்கிழமை அழித்ததை வீட்டில் சொல்லவில்லை என்றார்.

"போட்டுக்கோண்ணே. கீழ மொத்தத்துக்குப் பக்கத்துல மட்டும் டோட்டல்னு எழுதிடு. மொத வரி உன்னுது, நான் கை வைக்க மாட்டேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலை ஒருதரம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த இரண்டைத் தட்டினார். இவ்வளவு மரியாதையோடு ஒரு எண் கம்ப்யூட்டருக்குள் போனதை அவள் பார்த்ததில்லை.

சுழியோடு இருந்த பட்டியலை நகலில் ஓட்டினாள். சரியாக நின்றது. ஒன்பதரைக்கு அசல். முதலில் மாடிப் பட்டியலை வேறிடத்தில் ஒரு பிரதி எடுத்துப் பூட்டினாள். பிறகு அசலின் மேல் வெள்ளோட்டம்: சேர்க்க 31, நீக்க 16, மொத்தம் 1151. நீக்கச் சொன்ன பதினாறையும் கிருஷ்ணப்பன் கேட் பாஸ் அடிக்கட்டைகளோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். பதினாறும் நிஜமாகவே போனவை.

அண்ணாச்சி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நேற்று ஏன் அவ்வளவு நேரம் என்று இப்போதுதான் கேட்டார். செங்கொடி திங்கட்கிழமைக் காலை அச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நீக்க வேண்டியது 1135. அவர் அந்த எண்ணை விரலால் தொட்டார். ஜன்னல் வழியே வெளியே அடுக்கடுக்காக நிற்கிற பெட்டிகளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"நான் சொன்னப்பவே ஓடவிட்டிருந்தா?"

"நீங்க சொன்னது காலைல சரியான அப்புறம்தான் அண்ணாச்சி. அப்ப ஓட்டியிருந்தா மதியம் ரெண்டரைக்கு முந்நூத்தி அறுபத்திரண்டு போயிருக்கும். அதுல பதினாலு குளிர்ப் பெட்டி."

"யாரு பண்ணுன தப்பு அது?"

கீழே கேட்டில் மனோகரன் ஒரு டிரெய்லர்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருப்பது கேட்டது. என் புரோகிராம்தான், முதல் வரியை அப்படியே நம்பிவிட்டது, இப்போது நம்பாது என்றாள். அண்ணாச்சி மேற்கொண்டு துருவவில்லை. மண்டிக்காரர் மகன், எந்தக் கேள்வியை எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர்.

"சரி. விடு, பாப்போம்."

பின்னால் எந்தச் சொல்லும் சேர்க்காமல் தட்டினாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. 1151. பிடிப்புக் குறிகளை எண்ணினாள், ஒன்றும் குறையவில்லை. பத்து மணிக்கு அதுவாகவே ஓடியது, சேர்க்க 2, நீக்க 0. பத்தரைக்கு ஓடியது, சேர்க்க 1, நீக்க 3. பதினோரு மணிக்குக் கப்பல் கம்பெனிக்காரர்கள் வந்து தாங்களாக ஒரு பெட்டி எண்ணைச் சொல்லிக் கேட்டார்கள்; இருபது நிமிடத்துக்கு முன்னால் கேட் தாண்டிய பெட்டி அது. மாடித் திரை அது நிற்கிற வரிசையைச் சொன்னது. கிருஷ்ணப்பன் அவர்களைக் கூட்டிப் போய் அதன் மேலும் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.

கிண்டிக்கு அண்ணாச்சி போன் பண்ணி என்ன சொன்னாரோ, அது கதவுக்கு உள்ளேயே முடிந்துவிட்டது. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டார். இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், யோசிக்கவே யோசிக்காமல், தாளின் உச்சியில் நடுவாக ஒரு சின்னச் சிலுவை போட்டார். பிறகு கீழே கையெழுத்து, தேதி.

செங்கொடி அதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்னம்மா சிரிக்கே?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். முதல் வரியைத் தாண்டி, இரண்டாவது வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.